ஷாப்பிங் கணக்கை அழித்து எட்டு மாதம் ஆச்சு: கார்டு, ஆட்டோபே, மெசேஜ் எல்லாம் எப்படி நின்றது

2025 ஜூனில் அம்மாவுக்காக ஒரு ஷாப்பிங் ஆப்பில் மிக்ஸி வாங்கினேன், 4,350 ரூபாய். பெட்டியைப் பிரித்தால் பெரிய ஜாரில் விரிசல், பிளேடுக்கு அடியில் மஞ்சள் கறை, அதாவது யாரோ அரைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிய பொருள். ரிட்டர்ன் எடுக்க வந்த பையன் சீரியல் நம்பர் பொருந்தவில்லை என்று சொல்லி எடுக்காமலே போய்விட்டான். அதற்கப்புறம் ஐந்து வாரம் இழுத்தார்கள். கடைசியில் "ரீஃபண்ட் ஆகிவிட்டது" என்று வந்த மெசேஜை நம்பி பேங்க் கணக்கைப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை, பணத்தை ஆப்பின் வாலட்டில் போட்டிருந்தார்கள். கார்டில் கொடுத்த பணம் கார்டுக்கே வர வேண்டும் என்று குறைதீர் அதிகாரிக்கு மெயில் போட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதிந்த பிறகுதான் கார்டுக்குத் திரும்பியது. 2020-இன் இ-காமர்ஸ் விதிகளின்படி குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதை மெயிலில் எழுதியதும் பதில்களின் வேகமே மாறியது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி இந்தக் கடையோடு எந்தத் தொடர்பும் வேண்டாம் என்று. ஆனால் கோபத்தில் முதலில் செய்தது ஆப்பை போனிலிருந்து நீக்கியது, அதனால் எதுவும் ஆகவில்லை. கணக்கு அப்படியே இருந்தது, மெசேஜும் தினமும் வந்தது.

சரி என்று மறுபடி ஆப்பைப் போட்டு, அழிக்கும் இடத்தைத் தேடினேன். அமைப்புகளுக்குள் கண்ணில் பட்டது `Deactivate` மட்டும்தான். அது கணக்கைத் தூங்க வைப்பது, அவ்வளவுதான். வீட்டில் பழைய டேப்லெட்டில் அதே எண்ணால் ஒருமுறை ஓடிபி போட்டு நுழைந்ததும் கணக்கு முழுசாக எழுந்து உட்கார்ந்துவிட்டது. உண்மையான வழி கிடைத்தது பிளே ஸ்டோரில். கணக்கு தொடங்க விடும் ஆப், அதை அழிக்கவும் வழி தர வேண்டும், இணையத்திலும் அதற்கு ஒரு பக்கம் வைக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. ஆப்பின் பிளே ஸ்டோர் பக்கத்தில் `Data safety` பகுதியைத் திறந்தால் அந்தப் பக்கத்தின் லிங்க் இருக்கும். எனக்கு அங்கிருந்துதான் போக முடிந்தது.

ஆனால் அந்த பட்டனை உடனே அழுத்தவில்லை, அதுதான் நான் சரியாகச் செய்த ஒரே விஷயம். கணக்கு போனால் ஆர்டர் வரலாறும் போகும், உள்ளே நுழைந்து எதையும் சரிசெய்ய முடியாது. அதனால் ரீஃபண்ட் பேங்கில் வந்து விழுந்ததைப் பார்த்துவிட்டு, வாலட்டில் கிடந்த 212 ரூபாயைச் செலவழித்து, வாரண்டி பாக்கியிருக்கும் எல்லாப் பொருளின் பில்லையும் பிடிஎஃப்பாக இறக்கி வைத்தேன். முகவரிகளை அழித்தேன். அடுத்தது கார்டு.

கார்டு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கும் குழப்பம் இங்கேதான். 2022 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி நம் கார்டு எண்ணைக் கடைகள் வைத்திருக்கக் கூடாது. அதற்குப் பதில் ஒரு டோக்கன், அதாவது அந்தக் கார்டுக்கும் அந்தக் கடைக்கும் மட்டும் பொருந்தும் ஒரு மாற்று எண். கடையிடம் அடையாளத்துக்குக் கடைசி நான்கு இலக்கம் இருக்கலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஆப்பில் "கார்டை நீக்கு" என்று அழுத்தியதும் திரையிலிருந்து மறைவதை வைத்து டோக்கனும் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. அதைப் பேங்க் பக்கம் போய்த்தான் பார்க்க வேண்டும். நம் கார்டு எந்தெந்தக் கடையில் டோக்கனாக இருக்கிறது என்று காட்டவும் நீக்கவும் கார்டு கொடுத்த பேங்க் வசதி தர வேண்டும் என்பது விதி. என் பேங்க் ஆப்பில் அது கார்டு பகுதிக்குள் `Manage tokens` என்ற பெயரில் இருந்தது, உங்கள் பேங்கில் வேறு பெயர் இருக்கலாம், கிடைக்காவிட்டால் வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள். திறந்து பார்த்தால் டெபிட் கார்டு போயிருந்தது, கிரெடிட் கார்டில் மட்டும் அந்தக் கடையின் பெயர் இன்னும் நின்றது. நீக்கினேன், பேங்கிலிருந்து உறுதி மெசேஜ் வந்தது. கூடவே நான் மறந்தே போன நான்கு கடைகள் அந்தப் பட்டியலில் இருந்தன, அவற்றையும் எடுத்தேன்.

இதையெல்லாம் செய்து ஆகஸ்டில் கணக்கையும் அழித்து, அழித்ததாக வந்த மெயிலைப் பத்திரமாக வைத்தாயிற்று. பதினோரு நாள் கழித்து யுபிஐ ஆப்பில் ஓர் அறிவிப்பு, நாளைக்கு 299 ரூபாய் எடுக்கப்படும் என்று. அதே கடையின் மெம்பர்ஷிப்! கணக்கே இல்லை, ஆனால் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க நான் கொடுத்த ஆட்டோபே அனுமதி உயிரோடு இருக்கிறது. அந்த அனுமதி கடையில் இல்லை, என் யுபிஐ ஆப்பில் பதிந்திருக்கிறது, நான்தான் அங்கே போய் நிறுத்தியிருக்க வேண்டும். இப்படிப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னாலேயே தெரிவிக்க வேண்டும் என்ற விதி இருந்ததால் தப்பித்தேன். உடனே `Autopay` பகுதிக்குப் போய் ரத்து செய்தேன், பணம் போகவில்லை. கார்டில் இப்படி மாதாமாத அனுமதி கொடுத்திருந்தால் பேங்க் தளத்தில் தனியாகப் பார்க்க வேண்டும், டோக்கன் பட்டியலில் அது தெரியும் என்று நினைக்காதீர்கள்.

மெசேஜ்தான் கடைசி வரை உயிரை எடுத்தது. 1909-க்கு அழைத்து டிஎன்டி பதிந்தால் விளம்பர எஸ்எம்எஸ் பெரும்பாலும் நிற்கும், ஓடிபியும் பேங்க் மெசேஜும் நிற்காது, அந்தப் பயம் வேண்டாம். எனக்கும் நின்றது, ஆனால் இந்தக் கடையுடையது நிற்கவில்லை. ஏன் என்று அனுப்புநர் பெயரைப் பார்த்தபோது புரிந்தது. இப்போது அந்தப் பெயரின் முடிவில் ஓர் எழுத்து வரும், `-P` என்றால் விளம்பரம், `-S` என்றால் சேவை, `-T` என்றால் பரிவர்த்தனை, `-G` என்றால் அரசு. "உங்கள் கார்ட்டில் பொருள் காத்திருக்கிறது, இன்று 40% தள்ளுபடி" என்ற மெசேஜ் `-S` போட்டு வந்துகொண்டிருந்தது. கணக்கே இல்லாதவனுக்கு என்ன கார்ட், என்ன சேவை? இது அப்பட்டமான ஏமாற்று வேலை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் டிஎன்டி ஆப்பில் புகார் கொடுத்தேன் (மெசேஜ் வந்து ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும்). முதல் புகாரை, வாடிக்கையாளர் சம்மதம் இருக்கிறது என்று மூடிவிட்டார்கள். இரண்டாவது முறை, சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று கடையின் குறைதீர் அதிகாரிக்கு, கணக்கு அழிந்த மெயிலையும் இணைத்து எழுதிவிட்டு அடுத்த மெசேஜுக்குப் புகார் கொடுத்தேன். அக்டோபர் நடுவில் நின்றது. வாட்ஸ்அப்புக்கு டிஎன்டி செல்லாது, அங்கே புகாரளித்து பிளாக் செய்வதுதான் வழி, அவர்கள் இரண்டு எண்ணிலிருந்து அனுப்பியதால் இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தது.

இப்போது ஏப்ரல். அக்டோபருக்கு அப்புறம் எஸ்எம்எஸ் ஒன்றுகூட இல்லை, பொங்கல் சமயத்தில் ஒரு மெயில் வந்தது, அதிலும் சந்தாவை விலக்கியதும் சரியானது. மாதம் ஒருமுறை டோக்கன் பட்டியலைப் பார்க்கிறேன், அந்தப் பெயர் திரும்ப வரவில்லை. என் பில்கள் அவர்களிடம் இன்னும் இருக்கும், ஜிஎஸ்டி கணக்குக்காக ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டியவை, அதை யாராலும் அழிக்கச் சொல்ல முடியாது. பிப்ரவரியில் அதே கடையில் முன்பு வாங்கிய இஸ்திரிப்பெட்டி சூடாகாமல் போனது, சர்வீஸ் சென்டரில் பில் கேட்டார்கள், இறக்கி வைத்த பிடிஎஃப்பைக் காட்டினேன், வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள்.