படியா, பக்கத்து வாட்டா? எழும்ப முடியாத நோயாளரைத் தீயிலிருந்து நகர்த்தும் இரண்டு வழிகள்

இரவு இரண்டு மணி. முதலாம் மாடியில் 22 கட்டில் உள்ள ஆண்கள் மருத்துவ வாட்டு. அதில் ஒன்பது பேருக்கு எழுந்து நடக்க முடியாது. பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த மூதூர் வாப்பா, இதயம் களைத்து ஒட்சிசனில் கிடக்கும் தம்பலகாமத்து விவசாயி என்று ஒவ்வொரு கட்டிலிலும் ஒவ்வொரு பாரம். கடமையில் இரண்டு தாதியர், ஒரு சிற்றூழியர். வாட்டின் மேற்குக் கோடியில் உள்ள பொருள் அறையில் பல பிளக் போட்ட நீட்டு வயர் உருகி, அட்டைப் பெட்டிகளில் தீப் பிடிக்கிறது.

இந்த வாட்டு கணக்குப் பார்ப்பதற்காக நான் எடுத்துக்கொண்டது. ஆனால் திருகோணமலை மாவட்டத்தில் பல வருடம் தாதியாக வேலை செய்தவள் என்ற முறையில், இதில் உள்ள எதையும் நான் கற்பனையில் இருந்து எடுக்கவில்லை. இப்படி ஒரு இரவில் என்ன செய்வாய் என்று கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் "கீழே இறக்குவோம்" என்றுதான் சொல்வார்கள். வீட்டில் தீப் பிடித்தால் வெளியே ஓடுகிற பழக்கம் அது. படுத்த படுக்கையான நோயாளி விடயத்தில் அந்தப் பழக்கம் ஆளைக் கொல்லும்.

முதலில் படியைப் பார்ப்போம். கட்டில் படியில் இறங்காது. ஆகவே நோயாளியைப் போர்வையிலோ தூக்குப் படுக்கையிலோ மாற்ற வேண்டும். 65 கிலோ ஆளைத் திருப்பம் உள்ள படிக்கட்டில் இறக்க நாலு பேர் வேண்டும். கால் முன்னே, தலை பின்னே போக வேண்டும். அப்போதுதான் தலை உயர்ந்து இருக்கும். நடுத் திருப்பத்தில் முன்னால் போகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க, பின்னால் வருகிறவர் தூக்குப் படுக்கையைத் தோளுக்கு மேல் உயர்த்த வேண்டி வரும். கட்டிலிலிருந்து எடுத்து, விறாந்தை கடந்து, இறக்கி, முற்றத்தில் கிடத்தி, மூச்சு வாங்கத் திரும்ப ஏற ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று வைப்போம். அதுவும் தாராளமான கணக்குத்தான். ஒன்பது பேருக்கு 45 நிமிடம். நாலு பேர் கொண்ட குழு வேண்டும். நம்மிடம் மூன்று பேர். அவர்கள் கீழே போயிருக்கும் நேரத்தில் மேலே வாட்டில் ஒருவரும் இல்லை. அதே படியால் தீயணைப்புப் படையினர் குழாயோடு ஏறி வருவார்கள், படி ஈரமாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, சூடான புகை படிக்கட்டைத் தேடி ஏறும். படிக்கட்டின் கதவு ஒரு நோயாளிக்காகத் திறந்த ஒவ்வொரு முறையும் அது புகைபோக்கியாகிறது.

லிஃப்டைப் பற்றி நீட்ட வேண்டாம். தீக்கென்று கட்டிய லிஃப்டும் அதை இயக்கப் பழகியவரும் இல்லாவிட்டால் அதைத் தொடவே கூடாது.

இனிப் பக்கத்து வாட்டு. கிழக்குக் கோடியில் இரட்டைக் கதவு. அதற்கப்பால் அடுத்த வாட்டு. இரண்டு பேர் ஒரு கட்டிலின் பிரேக்கை மிதித்து விடுவித்து, சில்லில் உருட்டி 25 மீற்றர் தள்ளினால் கதவைக் கடந்து விடலாம். போய்வர இரண்டு நிமிடம் என்றாலும் ஒன்பது கட்டிலுக்கு 18 நிமிடம். தீக்கு மிக அருகில் உள்ள மூன்று கட்டில்கள் முதல் ஆறு நிமிடத்திலேயே வெளியே போய்விடும். நோயாளி தன் கட்டிலில், தன் மெத்தையில் இருக்கிறார். சேலைன் போத்தலை அவருடைய கால்களுக்கிடையில் வைத்துக் குழாயை இறுக்கினால் போதும்.

இந்த வித்தியாசத்தை ஒருமுறை கண்ணால் கண்டேன். பெயர் தேவையில்லாத ஒரு வைத்தியசாலையில் ஒத்திகை செய்தோம். நோயாளியாக ஒரு சக ஊழியர் படுத்தார். படியால் இறக்கும்போது முதல் திருப்பத்திலேயே ஒரு பையனின் கை நழுவியது. நல்ல வேளை, படுத்திருந்தவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பாரிசவாத நோயாளி எந்தக் கையால் பிடிப்பார்? அடுத்து அதே ஆளைக் கட்டிலோடு பக்கத்து வாட்டுக்குத் தள்ளினோம். அங்கே இன்னொரு பிழை வெளிப்பட்டது.

இரட்டைக் கதவில் ஒரு பலகைதான் எப்போதும் திறக்கும். மற்றது மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டுக் கிடந்தது. கட்டில் ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலம். ஒற்றைப் பலகையால் போகாது. மேல் தாழ்ப்பாளை இழுத்தேன், அசையவில்லை. கடற்காற்றில் இரும்புத் தண்டும் அதன் குழியும் ஒன்றாகத் துருப்பிடித்து, செங்கல் நிறத் தூள் என் உள்ளங்கையில் உதிர்ந்தது. "மிஸ், நான் வந்த நாளிலிருந்து இந்தக் கதவு திறந்ததே இல்லை" என்றார் சிற்றூழியர். கடைசியில் சுத்தியலால்தான் திறந்தோம். கட்டில் சில்லுகளும் அப்படித்தான்: தரை கழுவும் தண்ணீரும் உப்புக் காற்றும் சேர்ந்து நாலில் ஒன்று உருளாமல் இழுபட்டது. திருகோணமலை போன்ற கடற்கரை ஊரில் பக்கத்து வாட்டு வழியின் முதல் எதிரி துருதான்.

ஆகவே பக்கத்து வாட்டு வழி வெல்கிறது, ஆனால் நிபந்தனையோடு. அது வெறும் அடுத்த அறையாக இருக்கக் கூடாது. தீயையும் புகையையும் தடுக்கும் சுவராலும் கதவாலும் பிரிக்கப்பட்ட தனிப் பகுதியாக இருக்க வேண்டும். பிரிட்டனின் வைத்தியசாலை வழிகாட்டிகள் இத்தகைய பகுதிக்கு 60 நிமிடத் தாங்குதிறனையும், அதற்குள் வரும் சிறு பிரிவுக்கு 30 நிமிடத்தையும் வைக்கின்றன. நம் பழைய வாட்டுகளில் இந்த எண்களை நம்பிவிட முடியாது. ஆனால் ஒரு தாதியே சோதிக்கக்கூடிய மூன்று விடயங்கள் உண்டு.

முதலாவது, சுவர் எதுவரை போகிறது என்பது. கதவுக்கு மேலுள்ள சீலிங் பலகை ஒன்றை உயர்த்தி, பக்கத்து வாட்டில் ஒருவர் அங்குள்ள பலகையை உயர்த்தி டோர்ச் அடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் தெரிந்தால் சுவர் மேல் தட்டைத் தொடவில்லை; புகை சீலிங்கிற்கு மேலாக நடந்து வரும். ஒட்சிசன் குழாயும் கேபிளும் போகும் துளைகளும் அப்படித்தான். சீலிங் இல்லாத பழைய வாட்டுகளில், கதவுக்கு மேல் கம்பி வலை அடித்த காற்றுத் திறப்பு இருக்கும். வெயில் காலத்தில் அது வரம், தீயில் பொறி. இரண்டாவது, கதவைப் பாதி திறந்து விட்டுவிடுங்கள். தானாக வந்து மூடி, நாக்குப் பூட்டில் விழ வேண்டும். விழாவிட்டால் தீயின் அழுத்தமே அதைத் தள்ளித் திறக்கும். மூன்றாவது, அடியில் செங்கல்லோ மரக் கட்டையோ செருகியிருக்கிறதா என்று பாருங்கள். நான் வெற்று ஒட்சிசன் சிலிண்டரைக் கூடக் கதவுக்கு முட்டுக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மூடிய கதவு என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் வைத்தியசாலை சாட்சி. 1961 டிசம்பர் 8 அன்று குப்பைக் குழாயில் பிடித்த தீ ஒன்பதாம் மாடியில் வெளியே பாய்ந்தது. 16 பேர் இறந்தார்கள். அதே மாடியில், கதவை மூடி உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஆகவே நம் இரவுக் கதையில், கட்டிலைத் தொடுமுன் முதல் வேலை பொருள் அறைக் கதவை இழுத்து மூடுவதுதான். ஒருவர் அதைச் செய்து எச்சரிக்கை கொடுக்கும்போது மற்ற இருவரும் முதல் கட்டிலின் பிரேக்கை விடுவிக்கலாம்.

யாரை முதலில் நகர்த்துவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. என் நிலைப்பாடு இது: தீயைத் தொட்ட மூன்று கட்டில்கள் எல்லாவற்றுக்கும் முன். அதன் பிறகு நடக்கக் கூடியவர்கள், ஒருவர் கைப்பற்றிக் கூட்டமாகப் போகட்டும். மிச்சக் கட்டில்கள் கடைசி. காரணம் எளியது. கதவில் ஒரு கட்டில் சிக்கினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை பேரும் சிக்குவார்கள். நடப்பவர்கள் போய்விட்டால் விறாந்தை வெறுமையாகும், தள்ளும் கைகளும் கூடும்.

போய்ச் சேரும் வாட்டு ஏற்றுக்கொள்ளுமா? அமெரிக்காவின் தேசிய தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 101 விதி அப்படி வரும் ஒரு நோயாளிக்கு ஏறக்குறைய 2.8 சதுர மீற்றர் கேட்கிறது. ஒன்பது கட்டிலுக்கு 25 சதுர மீற்றர் அளவு. தரையில் பாய் போட்டுப் படுக்கும் காலத்தில் அந்த இடம் எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே வரைந்து வைக்க வேண்டும். ஒட்சிசனும் கேள்விதான். சுவர்க் குழாயிலிருந்து கழற்றும்போது அதன் ஓட்டத்தை மூட வேண்டும். திறந்த ஒட்சிசன் தீக்குத் தீனி. 680 லீற்றர் கொள்ளும் நிறைந்த சிறிய சிலிண்டரில் நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் கொடுத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். ஆகவே அவசரம் தள்ளுவதில்தான், ஒட்சிசனில் அல்ல, சிலிண்டர் நிறைந்திருந்தால்.

காற்றையும் சொல்ல வேண்டும். நம் வாட்டுகளில் யன்னல்கள் திறந்தே இருக்கும். கச்சான் வீசும் மாதங்களில் மேற்குக் கோடியில் பிடித்த தீயின் புகை கிழக்கு நோக்கி, நாம் நோயாளரைத் தள்ளும் அதே திசையில் ஓடும். கதவுக்குள் கட்டில்கள் போய்க்கொண்டிருக்கும் வரை அது திறந்திருக்கும் என்பதால் புகையும் கூடவே நுழையும். ஆகவே ஒவ்வொரு கட்டில் போனதும் கதவை மூட ஒருவரை நிறுத்துங்கள். மேற்குப் பக்க யன்னல்களை முதலில் மூடுங்கள். ஒருபோதும் தீயைத் தாண்டித் தள்ளக் கூடாது. மேற்கிலும் ஒரு வாட்டு இருந்தாலும், தீ அந்தப் பக்கம் என்றால் அது நமக்கு இல்லை.

இனிப் படிக்கு நியாயம். பக்கத்து வாட்டு இல்லாத ஒற்றை வாட்டு என்றால் வேறு வழியில்லை. புகை கீழ்த்தளத்திலிருந்து கேபிள் குழியால் ஏறி இரண்டு வாட்டையும் நிரப்பினாலும் பக்கவாட்டு வழி தோற்கும். கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. வைத்தியசாலையில் 2011 டிசம்பர் 9 அன்று நிலக்கீழ்த் தளத்தில் பிடித்த தீயில் 90 அளவிலானோர் இறந்தனர். பெரும்பாலானோரைக் கொன்றது மேலே ஏறிய புகை. அப்படி ஒரு நிலையில் படி முதல் வழி ஆகிறது, அதுவும் புகை படாத படியாக இருந்தால்.

மற்ற எல்லா இரவுகளிலும் படி இரண்டாம் கட்டம். பக்கத்து வாட்டில் கதவடைத்து இருபது, முப்பது நிமிடம் வாங்கியபின், தீயணைப்புப் படையின் கைகள் வந்து சேர்ந்தபின், அந்த வாட்டும் புகையத் தொடங்கினால் மட்டும் அங்கிருந்து இறக்குங்கள். அப்போது உங்களிடம் மூன்று பேர் இருக்கமாட்டார்கள். பதினைந்து பேர் இருப்பார்கள். எண்ணிக்கைத் தாளில் 22 பெயர்களும் இருக்கும்.

அடுத்த இரவுக் கடமையில் வாட்டு ஒப்படைக்கும்போது இரண்டாவது கதவுப் பலகையின் மேல் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கை கறுத்தாலும் பரவாயில்லை, தண்டு அசைய வேண்டும்.