5-வது ஓவரா, 17-வது ஓவரா? மெயின் பவுலரின் நான்கு ஓவர்களை எப்படிப் பிரிப்பது

20 ஓவர் மேட்சில் ஒருவர் 4 ஓவருக்கு மேல் போடக் கூடாது, அடுத்தடுத்து இரண்டு ஓவர் போடவும் கூடாது, முதல் 6 ஓவரில் வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர், அதன் பிறகு ஐந்து பேர். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நெல்லை வட்டாரத்து லீக் அணிகளில் கேப்டன்கள் சண்டை போடுவது ஒரே ஒரு விஷயத்துக்காக. அணியில் உருப்படியான வேகப்பந்து வீச்சாளர் ஒருவர்தான் இருப்பார். அவருடைய நான்கு ஓவர்களை எங்கே செலவழிப்பது?

இரண்டு திட்டங்கள் உண்டு. ஒன்று, பவர்பிளேயில் 2, கடைசியில் 2. மற்றது, பவர்பிளேயிலேயே 3 ஓவரைக் கொடுத்து மேட்சை உடைக்கப் பார்ப்பது, ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்வது. போன சீசனில் எங்கள் அணியில் நான் முதல் திட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். இரண்டாவதையும் போட்டுப் பார்த்திருக்கிறோம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

பேசுவதற்கு வசதியாக, எங்களிடம் இருந்த ஆட்களை வைத்தே சொல்கிறேன். மெயின் பவுலர் இன்ஸ்விங் போடுபவர். இரண்டாவது வேகப்பந்துக்காரர் அவ்வளவு வேகம் இல்லை, ஆனால் பந்தை வெளியே கொண்டுபோவார். ஒரு இடக்கை ஸ்பின்னர், ஒரு ஆஃப் ஸ்பின்னர். ஐந்தாவது ஆளின் 4 ஓவரை இரண்டு பார்ட் டைம் பவுலர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

இனி காற்று. இதை விட்டுவிட்டு நெல்லைப் பக்கம் ஓவர் கணக்குப் போட்டால் அது காகிதத்தோடு நின்றுவிடும். ஆனி, ஆடியில் மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும். நமக்கு மேல்காற்று மட்டும்தான் வரும், அதுவும் பகல் முழுக்க. சூரியன் கண்ணில் படாமல் இருக்கப் பிட்சை தெற்கு வடக்காகத்தான் போடுவார்கள். அதனால் காற்று பிட்சுக்குக் குறுக்கே, மேற்கிலிருந்து கிழக்கே போகிறது.

இதன் விளைவு என்ன என்று மெதுவாகப் பார்ப்போம். பவுலர் வடக்கு எண்டிலிருந்து ஓடி வருகிறார் என்றால், வலக்கை பேட்ஸ்மேனுக்கு லெக் சைடு மேற்கில் வரும். மிட்விக்கெட் பக்கம் தூக்கி அடித்தால் பந்து காற்றை எதிர்த்துப் போக வேண்டும், பல சமயம் எல்லைக்கு முன்னாலேயே இறங்கிவிடும். பவுலர் தெற்கு எண்டிலிருந்து வந்தால் அதே பேட்ஸ்மேனுக்கு லெக் சைடு கிழக்கு. தப்பாகப் பட்ட பந்தைக்கூடக் காற்றே சுமந்து வேலிக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிடும். கடைசி ஓவர்களில் நம்மூர் பேட்ஸ்மேன் அடிப்பது பெரும்பாலும் மிட்விக்கெட்டுக்கு மேலேதான். ஆக வலக்கை ஆட்களுக்கு எதிராக வடக்கு எண்ட் பத்திரமானது, தெற்கு எண்ட் ஆபத்தானது.

முதல் ஓவரைத் தெற்கிலிருந்து தொடங்கினால் 1, 3, 5 என்று ஒற்றைப்படை ஓவர் எல்லாம் தெற்கு, இரட்டைப்படை ஓவர் எல்லாம் வடக்கு. கடைசி நான்கில் 17, 19 ஆபத்தான எண்ட், 18, 20 பத்திரமான எண்ட். நான் எப்போதும் தெற்கிலிருந்து தொடங்கச் சொல்வது இதனால்தான். 20-வது ஓவர், எப்படியும் இரண்டாவது ஆளிடம்தான் போகும், அது நல்ல எண்டில் விழட்டும். மெயின் பவுலர் கெட்ட எண்டைத் தாங்கிக்கொள்வார். தெற்கிலிருந்து வரும்போது மேல்காற்று அவருடைய இன்ஸ்விங்கை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளும் என்பது கூடுதல் வசதி. லெக் சைடில் ஒன்றிரண்டு வைடு போகும், போகட்டும்.

இப்படி வைத்தால் முதல் திட்டம் இப்படி வரும். மெயின் பவுலர் 1, 3, 17, 19. இரண்டாவது வேகம் 2, 4, 18, 20. இடக்கை ஸ்பின்னர் 5, 7, 9, 15. ஆஃப் ஸ்பின்னர் 6, 11, 13, 16. பார்ட் டைம் ஆட்களின் நாலும் 8, 10, 12, 14. அதாவது முழுக்க வடக்கு எண்டில், ஐந்து பேர் வெளியே நிற்கும்போது. பலவீனமானவர்களை ஒளித்துவைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டாவது திட்டத்தை இதே தாளில் எழுதிப் பாருங்கள். மெயின் பவுலருக்கு 1, 3, 5, 19. இடக்கை ஸ்பின்னருக்கு 7, 9, 15, 17. மற்றவர்கள் யாரும் இடம் மாறவில்லை. அதாவது இரண்டு திட்டங்களுக்கும் உள்ள வித்தியாசமே 5-வது ஓவரும் 17-வது ஓவரும் கை மாறுவதுதான். கேள்வி இப்போது சின்னதாகிவிட்டது: தெற்கு எண்டிலிருந்து, காற்றோடு அடிக்க வசதியான பக்கத்தில், இடக்கை ஸ்பின்னர் 5-வதில் போட்டால் குறைவாக அடிபடுவாரா, 17-வதில் போட்டாலா?

5-வது ஓவரில் வெளியே இரண்டே பேர். நான் அந்த இரண்டு பேரையும் கிழக்குப் பக்கம், டீப் மிட்விக்கெட்டிலும் லாங் ஆனிலும் வைத்துவிடுவேன். ஆஃப் சைடில் அடித்தால் காற்றை எதிர்த்து அடிக்கட்டும். இடக்கை ஸ்பின்னரின் பந்தைக் காற்று முதலில் உள்ளே தள்ளும், விழுந்த பிறகு அது வெளியே திரும்பும். மேட் விரித்த பிட்சில் அந்தத் திருப்பம் நன்றாகவே பிடிக்கும். வேகப்பந்தைப் பார்த்துக் கண் பழகிய ஓப்பனருக்கு அந்த ஓவரில் இதைப் புரிந்துகொள்ள நாலு பந்தாவது ஆகும். என் கணக்கில் மோசமாகப் போனாலும் 10, 12 ரன். 17-வதில் ஐந்து பேர் வெளியே நிற்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் எதிரே நிற்பவர் செட் ஆகிவிட்டவர், எல்லாப் பந்தையும் சுற்றத் துணிந்தவர், தலைக்கு மேலே போகிற பந்தைப் பீல்டர் எத்தனை பேர் நின்றாலும் தடுக்க முடியாது. அந்த ஓவர் கெட்டால் 18, 20 ரன் என்று போய்விடும். அப்புறம் 19-வதுக்காக மெயின் பவுலரைக் காத்து வைத்திருந்து என்ன புண்ணியம்?

2023 ஜூலையில் சங்கர்நகர் மைதானத்தில் நடந்த டி.என்.பி.எல். குவாலிஃபயரில் திண்டுக்கல்லுக்கு எதிராக நெல்லை அணி 19-வது ஓவரில் மட்டும் 33 ரன் எடுத்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு 20-வது ஓவரை யார் போட்டால் என்ன? அதனால்தான் சிறந்த பவுலரைக் கடைசி ஓவருக்கென்று ஒதுக்கிவைப்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

2024 உலகக் கோப்பை இறுதிப் போட்டியைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் வேண்டும். பும்ராவிடம் இரண்டு ஓவர் மிச்சம். ரோகித் அவரைக் கடைசிவரை காத்து வைக்கவில்லை. 16-வதும் 18-வதும் கொடுத்தார், இரண்டும் ஒரே எண்ட். அந்த இரண்டு ஓவரில் 4, 2 என்று மொத்தம் 6 ரன். நடுவில் 17-வதில் கிளாசன் அவுட். கடைசி ஓவரை ஹர்திக் போட வந்தபோது 16 ரன் தேவை என்று ஆகிவிட்டது. 7 ரன்னில் இந்தியா ஜெயித்தது. 20-வது ஓவரில் நல்ல பவுலர் இருந்ததால் கிடைத்த வெற்றி இல்லை அது, 20-வதுக்கு முன்னாலேயே கணக்கை மாற்றிவிட்டதால் கிடைத்தது.

சரி, இரண்டாவது திட்டத்துக்கு என்ன பேச்சு? எங்கள் கீப்பர் சின்னப் பையன், ஸ்டம்புக்குப் பின்னால் நின்று பார்ப்பவன். 4-வது ஓவர் முடிந்ததும் ஓடி வருவான்: "அண்ணே, பந்து இப்பதான் நல்லா உள்ள வருது, இன்னொண்ணு குடுங்கண்ணே." அவன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. மேட்டில் பந்து சீக்கிரம் சொரசொரப்பாகிவிடும், ஸ்விங் ஏழெட்டு ஓவருக்கு மேல் தாங்காது. அதோடு நம் லீக் அணிகளில் முதல் மூன்று பேர்தான் பேட்ஸ்மேன், ஆறாவது ஏழாவது ஆள் வந்தால் வால்தான். மூன்றாவது விக்கெட்டும் பவர்பிளேயில் விழுந்தால் 17-வது ஓவர் என்பதே தலைவலியாக இருக்காது.

அதனால் ஒரே ஒரு நிலையில் மட்டும் அவன் பேச்சைக் கேட்பேன். 4 ஓவருக்குள் இரண்டு விக்கெட் விழுந்து, புது ஆள் கிரீஸில் நின்றால், 5-வதும் மெயின் பவுலருக்கே. விக்கெட் விழவில்லை என்றால் கொடுப்பதில்லை. கேப்டன்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விக்கெட் விழாததால் பதறி மூன்றாவது ஓவரையும் கொடுப்பார்கள். செட் ஆகிக்கொண்டிருக்கும் ஓப்பனர் அந்த ஆறு பந்தையும் தடுத்து ஆடிவிடுவார். கையில் ஓவரும் போச்சு, விக்கெட்டும் இல்லை, கடைசியில் நிற்பதும் அதே ஓப்பனர்தான்.

எந்தத் திட்டமானாலும் கெட்டுப்போவது நடு ஓவரில்தான். 8-வதில் பார்ட் டைம் ஆள் இரண்டு சிக்ஸ் கொடுத்தால் கேப்டன் பயந்து ஆஃப் ஸ்பின்னரை அங்கே கொண்டுவருவார். அவருடைய ஓவர் 14-வதிலேயே தீர்ந்துவிடும், பார்ட் டைம் ஆளின் மிச்ச ஓவர் 16-வதில் வந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்க 14-வது ஓவர் முடிந்ததும் தாளைப் பாருங்கள். மெயின் பவுலருக்கு 2, இரண்டாவது ஆளுக்கு 2, ஸ்பின்னர்கள் இருவருக்கும் ஒவ்வொன்று மிச்சம் இருக்க வேண்டும். பார்ட் டைம் ஆளுக்கு ஒரு ஓவர் மிச்சம் என்றால் அதை 15-வதுக்குத் தள்ளாதீர்கள், அது தெற்கு எண்ட். 16-வதில் வடக்கிலிருந்து போட்டு முடித்துவிடுங்கள்.

இதெல்லாம் பகல் மேட்ச், மேட் பிட்ச், ஆனி ஆடிக் காற்று ஆகிய மூன்றும் சேர்ந்த நிலைமைக்குத்தான். விளக்கு வெளிச்சத்தில் டர்ஃப் பிட்சில் நான் ஆடியது சொற்பம். பனி இறங்கிய பிறகு ஈரப் பந்தை ஸ்பின்னர் எப்படிப் பிடிப்பார் என்பதில் என் கணக்கை நம்பாதீர்கள்.

செட் ஆன பேட்ஸ்மேன் இடக்கைக்காரர் என்றால் எண்ட் கணக்கு அப்படியே தலைகீழ். அப்போது தெற்குதான் பத்திரம். அந்த மாதிரி நாளில் 16-வதையே மெயின் பவுலரிடம் கொடுத்து 18-ஐயும் அவரிடமே விட்டுவிடுவேன், ஆஃப் ஸ்பின்னரின் கடைசி ஓவர் 17-வதுக்குப் போகும், இரண்டாவது வேகக்காரர் 19 மட்டும் போட்டால் போதாது, 20-க்கு ஒரு ஆள் வேண்டும். அதனால் இடக்கை ஓப்பனர் உள்ள அணி என்று டாஸுக்கு முன்பே தெரிந்தால், 15-ஐ இரண்டாவது ஆளிடம் கொடுத்து, இடக்கை ஸ்பின்னரின் ஒரு ஓவரை 20-க்கு வைக்கிறேன். அது எனக்கே அவ்வளவாகப் பிடிக்காத ஏற்பாடு. இடக்கை, வலக்கை இருவரும் சேர்ந்து நின்றால் ஒவ்வொரு சிங்கிளுக்கும் காற்றுக் கணக்கு மாறும். அங்கே எண்டை மறந்துவிட்டு, அடிக்கிற ஆள் யார் என்று பார்த்துத்தான் பந்தைக் கொடுக்க வேண்டும்.