பம்ப் பிஸ்டனின் வேகம்: சாலிட்வொர்க்ஸா, எக்செலா?

உப்புவெளிப் பட்டறையில் ஒரு நீர் பம்புக்காக இரண்டையும் செய்து பார்த்தேன். கிராங்க் 40 மி.மீ., இணைப்புத் தண்டு 120 மி.மீ., சுழற்சி நிமிடத்துக்கு 60. எக்செலில் A நிரலில் கோணத்தை ரேடியனில் போட்டுவிட்டால், பிஸ்டன் முள்ளின் இடத்துக்கு ஒரே வரி போதும்:

```
=40*COS(A2)+SQRT(120^2-(40*SIN(A2))^2)
```

வேகத்துக்கு, அடுத்த வரிசையின் இடத்திலிருந்து முந்தைய வரிசையின் இடத்தைக் கழித்து, அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் சரி. உச்ச வேகம் 90 பாகையில் வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், ஆனால் அது ஏறத்தாழ 73 பாகையிலேயே, வினாடிக்கு சுமார் 265 மி.மீ. ஆக வந்துவிடுகிறது. தண்டு குட்டையாக இருப்பதன் விளைவு அது.

சாலிட்வொர்க்ஸில் சூத்திரமே வேண்டாம், `Motion Analysis` போட்டு மோட்டாரை வைத்தால் வரைபடம் வந்துவிடும். ஆனால் `Magnitude` தேர்ந்தால் வேகம் பூச்சியத்துக்குக் கீழே போகாது, பிஸ்டன் திரும்புவதே தெரியாது; நகரும் திசைக்குரிய `X Component` போன்றதைத் தேருங்கள். வினாடிக்கு 25 சட்டகம் என்றால் புள்ளிக்குப் புள்ளி 14.4 பாகை, உச்சி மொட்டையாகிவிடும், 100 ஆக்குங்கள்.

இவ்வளவு எளிய இணைப்புக்கு என் ஓட்டு எக்செலுக்குத்தான். ஆறு தண்டு வந்தால், மன்னிக்கவும், நான் சூத்திரம் எழுத மாட்டேன்.