ஷெல் ஸ்கீமா, வெறும் தரையா: ஸ்டால் ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும் முன்

தொழில் கண்காட்சியில் இடம் கேட்டால் அமைப்பாளர் பெரும்பாலும் இரண்டு வகை காட்டுவார். ஒன்று ஷெல் ஸ்கீம்: சுற்றித் தட்டிச் சுவர், தரை விரிப்பு, மேலே பெயர் எழுதிய பேசியா போர்டு, சில விளக்குகள், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட். மற்றது ரா ஸ்பேஸ்: தரையில் கோடு போட்டுக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். சதுர மீட்டர் விலையில் ரா ஸ்பேஸ் கொஞ்சம் மலிவாக இருக்கும். சிறு உற்பத்தியாளர்கள் அந்த ஒரு விலையை வைத்தே முடிவெடுக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு இடம். எந்தத் தேதியில் வெளியே வந்தால் எவ்வளவு போகும் என்பதுதான் இந்த இரண்டையும் உண்மையில் பிரிக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இடம் 18 சதுர மீட்டர். ஷெல் ஸ்கீமுக்குச் சதுர மீட்டருக்கு 100, ரா ஸ்பேஸுக்கு 90 என்று வைத்துக்கொள்வோம் (எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும்). ஷெல்லுக்கு 1800, ராவுக்கு 1620. 180 மிச்சம் போலத் தெரிகிறது. ஆனால் ரா ஸ்பேஸில் ஸ்டாலைக் கட்ட நீங்களே ஒரு காண்ட்ராக்டரைப் பிடிக்க வேண்டும். அவர் 1500 கேட்கிறார் என்றால் மொத்தம் 3120. இதற்கு மேல், கட்டுமான நாட்களுக்கான தற்காலிக மின்சாரம் தனி. தரையைச் சேதப்படுத்தாமல் காலி செய்தால் திரும்பக் கிடைக்கும் டெபாசிட்டும் பல அரங்குகளில் உண்டு.

ஷெல்லிலும் எல்லாம் வாடகைக்குள் அடங்கிவிடாது. கொடுத்திருக்கும் பிளக் பாயின்ட் லேப்டாப்புக்கும் சிறு டிவிக்கும்தான் போதும். இயந்திரத்தை ஓட்டிக் காட்ட வேண்டுமானால் கிலோவாட் கணக்கில் மின்சாரம் வாங்க வேண்டும். மும்முனை இணைப்பு, அழுத்தக் காற்று, தண்ணீர் எல்லாமே அமைப்பாளர் தரும் எக்ஸிபிட்டர் மேனுவலில் தனித்தனி படிவங்கள். ஒவ்வொன்றுக்கும் கடைசித் தேதி இருக்கும், அதைத் தாண்டினால் கூடுதல் கட்டணம். இரண்டு பக்கம் திறந்த மூலை ஸ்டால் என்றால் வாடகையில் சில சதவீதம் அதிகம். பதிவுக் கட்டணம், கேட்லாக்கில் பெயர் போடும் கட்டணம், வரி ஆகியவை விலைப் பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். கையெழுத்துக்கு முன் இவை எல்லாம் சேர்ந்த ஒரே தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது விலகினால் கட்ட வேண்டிய கேன்சலேஷன் கட்டணம். பல ஒப்பந்தங்களில் இது படிப்படியாக ஏறும். நம் கணக்கில் இப்படி இருக்கட்டும்: கண்காட்சிக்கு 180 நாளுக்கு மேல் இருக்கும்போது விலகினால் வாடகையில் 25 சதவீதம், 180 முதல் 91 நாள் வரை 50 சதவீதம், 90 நாளும் அதற்குக் குறைவும் என்றால் முழுத் தொகை. கண்காட்சியில் காட்டவிருந்த புது இயந்திரம் சோதனையில் தேறவில்லை, உரிமையாளர் விலக முடிவு செய்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

95 நாள் இருக்கும்போது விலகினால் ஷெல்லில் 900 போகும். ராவில் 810தான். காண்ட்ராக்டருக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுத்திருக்க மாட்டார். ஆக இந்தக் கட்டத்தில் ரா ஸ்பேஸே மலிவான வழி. அதே முடிவை 75 நாள் இருக்கும்போது எடுத்தால் ஷெல்லில் 1800. ராவில் 1620 வாடகை, அதோடு வரைபடம் ஒப்புதலாகி வேலை தொடங்கிய காண்ட்ராக்டரிடம் கொடுத்த பாதி அட்வான்ஸ் 750, மொத்தம் 2370. ரா ஸ்பேஸ் எடுப்பவர் உண்மையில் இரண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்து போடுகிறார், இரண்டிலும் விலகும் விதிகள் உண்டு. அமைப்பாளரின் தாளை மட்டும் படித்துவிட்டு, காண்ட்ராக்டரின் கொட்டேஷனில் பின்பக்கத்தைப் பார்க்காமல் விடுவதுதான் அதிகம் நடக்கிறது.

இடத்தைக் குறைப்பதிலும் இரண்டும் வேறுபடும். 18 சதுர மீட்டரை 9 ஆக்கலாமா என்று ஷெல்லில் கேட்க முடியும். அதையும் பாதி கேன்சலேஷனாகவே கணக்கிடுவார்கள். 95 நாள் இருக்கும்போது கேட்டால், விட்டுக்கொடுக்கும் 900-க்குப் பாதி, அதாவது 450 போகும், மீதியில் கண்காட்சியில் நிற்கலாம். ரா ஸ்பேஸுக்கு வழக்கமாகக் குறைந்தபட்ச அளவு உண்டு. நீங்கள் எடுத்ததே அந்த அளவு என்றால் குறைக்க வழியில்லை.

நாள் கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் கடிதம் அனுப்பிய நாளா, அவர்கள் கையில் கிடைத்த நாளா என்று ஒப்பந்தம் சொல்லும். பெரும்பாலும் கிடைத்த நாள்தான், அதுவும் எழுத்தில். விற்பனைப் பிரதிநிதியிடம் போனில் சொன்னது செல்லாது. 91-வது நாள் மாலை மின்னஞ்சல் அனுப்பி அது 89-வது நாள் பதிவானால் 50 சதவீதம் 100 ஆகிவிடும். அதனால் எல்லைக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பி, பெற்றுக்கொண்டதாகப் பதில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

அமைப்பாளரே தேதியை மாற்றினால் அல்லது ரத்து செய்தால் என்ன ஆகும் என்பது இரண்டு வகைக்கும் ஒன்றே. ஜெர்மனியின் ஹனோவர் மெஸ்ஸே தொழில் கண்காட்சி 2020 ஏப்ரலிலிருந்து ஜூலைக்குத் தள்ளிப்போய், அப்புறம் ரத்தும் ஆனது. தள்ளிப்போடுவதும் ரத்து செய்வதும் ஒப்பந்தத்தில் வெவ்வேறு. தேதி மாறினாலும் உங்கள் பதிவு அப்படியே நீடிக்கும் என்று எழுதியிருந்தால், புதுத் தேதி உங்களுக்கு ஒத்துவராவிட்டாலும் நீங்கள் விலகுவது உங்கள் கேன்சலேஷனாகவே எண்ணப்படும். கட்டுக்கடங்காத காரணங்கள் என்ற பிரிவும் பெரும்பாலும் அமைப்பாளரைக் காக்கத்தான். உங்கள் இயந்திரம் தயாராகாதது, விசா கிடைக்காதது அதில் சேராது.

இதை மாற்றக் கேட்கலாமா? கேட்கலாம். விலையைக் குறைக்காத அமைப்பாளர்கூடச் சில வரிகளைச் சேர்க்க ஒத்துக்கொள்வார். நான் கேட்கச் சொல்வது இரண்டு: “நாங்கள் விட்ட இடத்தை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டால், நிர்வாகக் கட்டணம் போக எங்கள் தொகையைத் திருப்பித் தர வேண்டும்.” “தேதி 30 நாளுக்கு மேல் மாறினால், கட்டணமின்றி விலக எங்களுக்கு உரிமை உண்டு.” முதல் வரி ஷெல்லில் அதிகம் பலிக்கும், ஏனெனில் கட்டிவைத்த சிறு ஸ்டாலைக் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்குக் கடைசி நேரத்திலும் கொடுக்க முடியும். இதில் ஒரு கவனம் வேண்டும். இடத்தை நீங்களே தெரிந்தவருக்குக் கைமாற்ற நினைக்காதீர்கள். உள்வாடகைக்குப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் தடை உண்டு.

என் தேர்வு, முதல்முறை போகிறவருக்கு 9 சதுர மீட்டர் ஷெல். விதிவிலக்கு ஒன்றுதான்: கனமான அல்லது உயரமான இயந்திரம். ஷெல் சுவர் பொதுவாக 2.5 மீட்டர் உயரம்தான். சுவர்கள் எழுப்பி விரிப்பு போட்ட பிறகு போர்க்லிப்ட் உள்ளே நுழைய முடியாது. அப்படிப்பட்ட பொருளுக்கு ரா ஸ்பேஸ் எடுப்பது நியாயமே. அப்போது காண்ட்ராக்டரிடம் அட்வான்ஸ் தரும் நாளை, இயந்திரம் சோதனையில் தேறும் நாளுக்குப் பின்னால் வையுங்கள். அந்தச் சோதனை நாள் அமைப்பாளரின் 91-வது நாளுக்கு முன்னால் விழுகிறதா என்று காலண்டரில் குறித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து போடுங்கள்.