சாட்பாட் எழுதியதை அதையே திருத்தச் சொல்வது: எந்தச் சுற்றோடு நிறுத்தலாம்?

சாட்பாட் ஒரு கடிதமோ அறிவிப்போ எழுதித் தந்ததும், "இதில் என்ன குறை என்று நீயே பார்த்துத் திருத்தி எழுது" என்று கேட்பது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. முதல் தடவை கேட்கும்போது நல்ல பலன் கிடைக்கும். அதே ஆசையில் நாலு தடவை, ஐந்து தடவை கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் இரண்டாவது வரைவைவிட மோசமாகவே இருக்கும். எந்த நிறுவனத்தின் சாட்பாட்டை எடுத்தாலும் நீண்ட நாள் பயன்பாட்டில் இது மாறாமல் தெரிகிறது. ஏன் என்பதை ஒரு சின்ன உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மேல்நிலைத் தொட்டியைக் கழுவப் போகிறார்கள். ஞாயிறு காலை 9 முதல் மதியம் 2 வரை தண்ணீர் வராது. லிஃப்ட் பக்கத்தில் ஒட்ட ஓர் அறிவிப்பு வேண்டும். இவ்வளவுதான் சாட்பாட்டிடம் சொன்னது என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவு ஏறக்குறைய இப்படி வரும்:

"அன்பார்ந்த குடியிருப்பாளர்களே, நமது குடியிருப்பின் சுகாதாரத்தைப் பேணும் வகையில் வரும் ஞாயிற்றுக்கிழமை மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்யப்பட உள்ளது. இதனால் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை தண்ணீர் விநியோகம் இருக்காது. அனைவரும் ஒத்துழைப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் லிஃப்டுக்குக் காத்திருக்கும் பத்து நொடியில் படிப்பவருக்கு முக்கியமான சேதி இரண்டாவது வாக்கியத்தில்தான் கிடைக்கிறது. எந்தத் தேதி ஞாயிறு என்பது இல்லை. தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்லவில்லை.

இப்போது குறை கேட்கலாம். "குறை சொல்லித் திருத்து" என்று ஒரே மூச்சில் கேட்டால், திருத்திய வரைவுக்குப் பொருந்துகிற மாதிரி மேலோட்டமாக நாலு குறை வரும். குறை சொல்வது தனி, திருத்துவது தனி என்று பிரித்துவிட வேண்டும். முதல் கட்டளை இந்த மாதிரி இருந்தால் போதும்:

```
கீழே உள்ள அறிவிப்பைத் திருத்தாதே. குறை மட்டும் சொல்.
3 குறைக்கு மேல் வேண்டாம்.
ஒவ்வொன்றுக்கும் அந்த வரியை அப்படியே எடுத்துக் காட்டு.
படிப்பவருக்கு அதனால் என்ன குழப்பம் என்று ஒரு வரியில் சொல்.
குறை இல்லை என்றால் "இல்லை" என்று எழுது.
```

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. வரியை எடுத்துக் காட்டச் சொன்னால் "தொனி இன்னும் சிறப்பாக இருக்கலாம்" என்ற பொத்தாம்பொதுவான பதில் குறையும். கடைசி வரி மிக அவசியம். குறை கேட்டால் எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சாட்பாட் நடந்துகொள்ளும்; "இல்லை" என்று சொல்ல இடம் கொடுத்தால்தான் உண்மையில் குறை தீர்ந்துவிட்டதா என்று நமக்குத் தெரியும். முடிந்தால் வரைவை ஒரு புதிய உரையாடலில் ஒட்டி, யார் எழுதியது என்று சொல்லாமல் கேளுங்கள். பழைய உரையாடலிலேயே கேட்டால் தன் வரைவுக்குத் தானே வக்காலத்து வாங்குகிற சாய்வு இருக்கும்.

முதல் சுற்றுக்குப் பிறகு வருவது இந்தப் பாணியில் இருக்கும்:

"ஞாயிறு (15ஆம் தேதி) காலை 9 முதல் மதியம் 2 வரை குழாயில் தண்ணீர் வராது. மேல்நிலைத் தொட்டியைக் கழுவுகிறோம். சனி இரவே தேவையான தண்ணீரைப் பிடித்து வையுங்கள். 2 மணிக்குப் பிறகு முதலில் வரும் தண்ணீரை ஐந்து நிமிடம் வெளியே விட்டபின் பயன்படுத்துங்கள்."

முதல் வரைவைவிட எவ்வளவோ மேல். முக்கியச் சேதி முதல் வரிக்கு வந்துவிட்டது, செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. ஆனால் "15ஆம் தேதி" எங்கிருந்து வந்தது? நாம் தேதியே சொல்லவில்லை. "தேதி இல்லை" என்று தானே குறை சொல்லிவிட்டு, அந்த ஓட்டையைத் தானே ஒரு எண்ணால் அடைத்துவிட்டது. அந்த "ஐந்து நிமிடம்" என்பதும் அப்படி வந்ததுதான். சுயதிருத்தத்தில் மிக அதிகமாக ஆளை ஏமாற்றும் இடம் இது. குறை சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டிருப்பதால் தீர்வும் சரியாக இருக்கும் என்று கண் தாண்டிப் போய்விடும். ஆகவே திருத்தச் சொல்லும் கட்டளையில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: "நான் தராத தேதி, எண், பெயர் எதையும் சேர்க்காதே. தேவைப்படும் இடத்தில் [ ] என்று விடு." அந்த அடைப்புக்குறிகளை நிரப்புவது நம் வேலை.

இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல அறிவிப்பு. இன்னொரு முறை "மேலும் மெருகேற்று" என்று கேட்டால் என்ன ஆகிறது? சாட்பாட்டுக்குப் புதிதாக ஒரு தகவலும் வரவில்லை. இருந்தும் குறை கேட்கிறோம். "அறிவிப்பு சற்றுக் கடுமையாக இருக்கிறது, வணக்கம் இல்லை" என்று சொல்லும். அன்பார்ந்த குடியிருப்பாளர்கள் திரும்பி வருவார்கள்; தண்ணீர் மறுபடி இரண்டாவது வாக்கியத்துக்குப் போகும். மூன்றாவது சுற்றில் "நீளமாக இருக்கிறது, நேரடியாகச் சொல்" என்று அந்த வணக்கத்தையே வெட்டும். நான்காவது சுற்றில் வெட்டவோ சேர்க்கவோ ஒன்றும் மிஞ்சாதபோது வார்த்தைகளை மாற்றத் தொடங்கும். தொட்டி "நீர்த்தேக்கக் கலன்" ஆகும், கழுவுவது "தூய்மைப்படுத்தும் பணி" ஆகும், "காலை 9 முதல் மதியம் 2 வரை" என்பது "பகல் பொழுதில் தற்காலிகமாக" என்று கரைந்துபோகும். மேடைப் பேச்சுக்கு வேண்டுமானால் ஆகும். பக்கெட்டில் தண்ணீர் பிடிக்க வேண்டியவருக்கு ஆகாது.

காரணம் சிக்கலானதில்லை. எழுதியதும் குறை பார்ப்பதும் ஒரே மாடல். எழுதும்போது அதன் கண்ணுக்குத் தெரியாத ஒன்று, பார்க்கும்போதும் பெரும்பாலும் தெரியாது. முதல் சுற்றில் பலன் கிடைத்ததற்குக் காரணம், "படிப்பவருக்கு என்ன குழப்பம்" என்ற புதிய அளவுகோலை நாம் கொடுத்தது. அந்த அளவுகோல் ஒரு தடவை வேலை செய்து முடித்துவிட்டது. அதற்குப் பிறகு புதிதாக எதுவும் உள்ளே போகாமல் சுற்றினால், மாற்றம் வரும், முன்னேற்றம் வராது.

கணக்கு, தர்க்கம், தகவல் போன்ற சரி-தப்பு உள்ள விஷயங்களில் இது இன்னும் மோசம். 2023இல் கூகுள் டீப்மைண்ட் ஆய்வாளர்களும் இல்லினாய் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், GSM8K என்னும் பள்ளிக்கணக்குத் தொகுப்பில் ஜிபிடி-4 முதலில் 95.5 சதவீதம் சரியாகப் போட்டது. விடை சரியா என்று சொல்லாமல் தன்னைத்தானே ஒரு முறை திருத்தச் சொன்னபோது 91.5க்கும், இரண்டாம் முறை 89க்கும் இறங்கியது. இன்றைய மாடல்கள் அதைவிட முன்னேறியவை என்றாலும், "நிச்சயமா?" என்று கேட்டதும் சரியான விடையை மாற்றிக்கொள்ளும் குணம் முழுதும் போகவில்லை. தமிழில் ஒற்று மிகுமா மிகாதா என்று கேட்டுப் பாருங்கள். முதலில் மிகும் என்றதை, சந்தேகம் எழுப்பியதும் மிகாது என்று மன்னிப்போடு மாற்றும். மறுபடி சந்தேகப்பட்டால் திரும்ப மிகும். அங்கே திருத்தச் சொல்வதில் பயனில்லை, இலக்கண நூலைத் திறப்பதே வழி.

இரண்டாவது சுற்று எப்போது உதவும்? வெளியிலிருந்து ஏதாவது வந்தால். நிரல் என்றால் ஓட்டிப் பார்த்து வந்த பிழைச் செய்தியை அப்படியே ஒட்டலாம். கணக்கு என்றால் கால்குலேட்டரில் போட்ட விடை. நம் அறிவிப்பை ஒட்டுமுன் வாட்ச்மேனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னால், "அப்போ கீழ்த்தொட்டி மோட்டாரும் போடக் கூடாதா சார்?" என்று கேட்கலாம். சாட்பாட் பத்துச் சுற்று சுற்றினாலும் இந்தக் கேள்வி வந்திருக்காது. "மோட்டார் பற்றி ஒரு வரி சேர், மற்ற வரிகளைத் தொடாதே" என்று சொன்னால் இரண்டாவது சுற்று ஒழுங்காக வேலை செய்யும். "மற்றதைத் தொடாதே" என்பதை விட்டுவிட்டால் முழு அறிவிப்பையும் புதிதாக எழுதி, நல்ல வரிகளையும் சேர்த்து மாற்றிவிடும்.

நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க, முந்தைய வரைவையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதைவிட நல்ல வழி தெரியவில்லை. கூகுள் டாக்ஸில் `Tools` → `Compare documents` போதும். கட்டளை வரி பழக்கமுள்ளவர்களுக்கு:

```
git diff --no-index --word-diff v2.txt v3.txt
```

மாறியவை எல்லாம் ஒரே பொருளுள்ள வேறு சொற்கள் என்றால் அந்தச் சுற்று வீண். முந்தைய சுற்றில் செய்ததையே இந்தச் சுற்று அழித்திருந்தால் ஒரு சுற்று முன்பே நின்றிருக்க வேண்டும். எண், கிழமை, பெயர் ஏதாவது மறைந்திருந்தால் உடனே பழையதற்குத் திரும்புங்கள். இதற்காகவே தொடங்கும் முன் "மாறக் கூடாதவை" என்று ஒரு பட்டியல் எழுதி வைப்பது நல்லது. நம் அறிவிப்புக்கு அது கிழமை, தேதி, 9, 2, மேல்நிலைத் தொட்டி என்ற ஐந்துதான். குறைப் பட்டியலையும் கவனியுங்கள். வரியைக் காட்டிச் சொல்வது போய், "ஓட்டம்", "ஆழம்", "ஈர்ப்பு" என்று பெயர்ச்சொற்களாக வர ஆரம்பித்தால் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று பொருள்.

நாலு பக்கக் கட்டுரையாக இருந்தால் முழுதையும் சுற்றுக்கு அனுப்பாதீர்கள். சாட்பாட் எழுத்தை டோக்கன் என்னும் சின்னத் துண்டுகளாக வெட்டித்தான் படிக்கிறது; தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் செலவாவதால், உரையாடல் சீக்கிரமே நீண்டு, முதலில் சொன்ன நிபந்தனைகளின் பிடி தளரும். சிக்கலுள்ள பத்தியை மட்டும் வெட்டி, நிபந்தனைகளோடு புதிய உரையாடலில் கொடுங்கள். முதல் வரைவின் அடிப்படையே பிடிக்கவில்லை என்றால் திருத்தத்தில் நேரம் போக்காமல், தனித்தனி உரையாடலில் மூன்று வரைவு எழுதச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது லாபம். கோணலாகத் தொடங்கிய வரைவு எத்தனை சுற்று போனாலும் அந்தக் கோணலைச் சுற்றியே திருந்தும்.

ஏற்கெனவே ஆறாவது சுற்றில் மாட்டிக்கொண்டிருந்தால், உரையாடலில் மேலே போய் இரண்டாவது வரைவை எடுங்கள். பின்னால் வந்தவற்றில் உண்மையிலேயே பிடித்த வாக்கியம் ஒன்றிரண்டு இருந்தால் கையாலேயே அதில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒட்டியதைச் சரிபார்க்கச் சொல்லி மறுபடி சாட்பாட்டிடம் கொடுக்க வேண்டாம். அது ஏழாவது சுற்று.