தட்டை: கனம் சரியாக வந்தால் பல் தப்பிக்கும்

தட்டை கடிபடவில்லை என்றால் முதலில் மாவுதான் திட்டு வாங்கும். உளுந்து போதவில்லை, வெண்ணெய் போதவில்லை என்பார்கள். அதுவும் காரணம்தான், ஆனால் பல வருடங்களாகப் பண்டிகைதோறும் தட்டை சுட்டு வந்ததில், கனத்தையும் தீயையும் கவனிக்காதவரை மாவை மாற்றிப் பயனில்லை என்பது என் கருத்து.

நான் நிலையாக வைத்திருக்கும் அளவு இதுதான்: 2 கப் அரிசி மாவுக்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு 2 மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை மாவு 2, வெண்ணெய் 2. உப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம், எள், கறிவேப்பிலை எல்லாம் உங்கள் இஷ்டம். வெண்ணெயை மாவில் நன்றாகப் பிசறிய பிறகே தண்ணீர் தெளிக்க வேண்டும். வெண்ணெயைக் கூட்டினால் இன்னும் கரகரப்பாக வரும் என்று நினைக்காதீர்கள், எண்ணெயில் போட்டதும் பிரிந்து போய்விடும்.

இப்போது கனம். எனக்குப் பிடித்தது சுமார் 2 மில்லிமீட்டர். ஆனால் ஊறவைத்த கடலைப்பருப்பு அதைவிடத் தடிமனானது. பருப்பை முழுதாகப் போட்டால் அதன் கனத்துக்குக் கீழே தட்டையைத் தட்டவே முடியாது. அழுத்தினால் பருப்பைச் சுற்றி மாவு கிழியும், எண்ணெயில் பருப்பு தனியாகக் கழன்று ஓடும். அதனால் அரை மணி நேரம் ஊறிய பருப்பை வடித்து, துணியில் ஈரம் ஒற்றி, இரண்டு மூன்றாக உடைத்துச் சேர்க்கிறேன். பாசிப்பருப்பு போட்டால் இந்த வேலையே இல்லை.

தட்டுவதற்கு டபரா அடி, பூரி பிரஸ், கை என எல்லாம் பயன்படுத்தியிருக்கிறேன். கையால் தட்டினால் நடுப்பகுதி பெரும்பாலும் தடித்துப்போகிறது. பூரி பிரஸ் வேகமானது, ஆனால் கீல் இருக்கும் பக்கம் மெலிந்தும் கைப்பிடிப் பக்கம் தடித்தும் வரும். ஒருமுறை லேசாக அழுத்தி, பிளாஸ்டிக் தாளோடு பாதிச் சுற்று திருப்பி இன்னொரு முறை அழுத்தினால் சமமாகிவிடும். குழவியால் தேய்ப்பது ஒவ்வொன்றாகச் செய்ய ஏற்றதில்லை. அரிசி மாவுக்கு இழுபடும் தன்மை கிடையாது, ஓரம் வெடித்துக்கொண்டே போகும். பெரிதாகத் தேய்த்து மூடியால் வட்டமாக வெட்டினால் சரி. எதில் தட்டினாலும் முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்தாவிட்டால் பூரி மாதிரி உப்பி, உப்பிய இடம் எண்ணெய்க்கு மேலே நின்று சரியாக வேகாது.

தட்டியதைப் பருத்தித் துணியில் பத்து நிமிடம் போட்டு வைத்தால் மேல் ஈரம் இழுத்துக்கொள்ளும், எண்ணெயில் நுரை குறையும். அதிக நேரம் விட்டால் ஓரம் காய்ந்து வெடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக மாவு பிசைவது இதனால்தான்.

எண்ணெய் சுமார் 170 டிகிரியில் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு துளி மாவைப் போடுங்கள். அடியில் ஒரு கணம் தங்கி, நிறம் மாறாமல் மேலே வர வேண்டும். போட்ட நொடியே சிவந்தால் சூடு அதிகம். நாலைந்து தட்டைகளைப் போட்டவுடன் சூடு இறங்கும், அப்போது தீயைக் கொஞ்சம் கூட்டி, பிறகு மிதமாக்குவேன். எடுக்கும் நேரத்தை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மிளகாய்த்தூள் சேர்ந்த மாவு வேகும் முன்பே சிவந்து ஏமாற்றும். சலசலப்பு அடங்குவதுதான் கணக்கு. அந்த ஓசை உள்ளேயிருக்கும் தண்ணீர் ஆவியாகும் ஓசை, அது நின்றால் ஈரம் அநேகமாகப் போய்விட்டது.

ஓரம் மெலிந்து நடுவில் இரண்டு மடங்கு தடித்த ஒரு தட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதல் தீயில் போட்டால் ஓரம் சிவந்ததும் பயந்து எடுத்துவிடுவோம். சுடச்சுடச் சாப்பிடும்போது நன்றாகத்தான் இருக்கும். டப்பாவில் போட்டு மறுநாள் பார்த்தால் நடுவிலிருந்த ஈரம் ஓரத்துக்கும் பரவி முழுதும் நமுத்திருக்கும். அதையே குறைந்த தீயில் பொறுமையாகச் சுட்டால் நடு காய்ந்துவிடும், ஆனால் அத்தனை கனமும் இறுகி கடுக்கென்று பல்லைப் பதம் பார்க்கும், ஓரமோ எண்ணெய் குடித்திருக்கும். ஒரே தட்டைக்குள் இரண்டு கனம் இருந்தால் எந்தத் தீயும் ஒத்துவராது.

கர்நாடகத்து நிப்பட்டு கொஞ்சம் தடிமனாகவே செய்யப்படுவதுண்டு. அதில் உடைத்த வேர்க்கடலை மாவோடு கலந்திருப்பதால் அந்தக் கனத்திலும் பொடிந்துவிடும். நம் தட்டை மாவை அந்தக் கனத்தில் தட்டினால் கல்தான்.

நமுத்த தட்டையை மிதமான எண்ணெயில் இன்னொரு முறை போட்டு, ஓசை அடங்கியதும் எடுத்தால் தேறிவிடும். முழுதாக ஆறிய பிறகே டப்பாவை மூடுங்கள். கல்லானதற்கு மறுபடி எண்ணெய் உதவாது, உடைத்து மோரில் ஊறப்போட வேண்டியதுதான்.