மண்டப பிளான் போட்டோவைக் காட்டி இலைக் கணக்கு பேசும் கேட்டரிங்காரர்களிடம் உஷார்

தங்கை கல்யாணத்தில் மதியச் சாப்பாட்டுக்கு 700 இலைக்கு பில் போட்டார்கள். சாப்பிட்டவர்கள் சுமார் 400 பேர். அந்த 400 பேருக்கே மூன்றாவது பந்தியில் சாதம் இல்லை. அதிகமாகச் சமைத்து வீணாக்கியிருந்தால் வயிற்றெரிச்சலோடு விட்டிருப்போம். இங்கே கணக்கு கூடுதல், சமையல் குறைவு. எப்படி நடந்தது என்று விவரமாக எழுதுகிறேன். ஐப்பசி, தை முகூர்த்தங்களுக்கு இப்போதே மண்டபம் பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும்.

ஊர் திருச்சி. நடுத்தரமான மண்டபம், மேலே கல்யாண ஹால், கீழே டைனிங் ஹால். கேட்டரிங் பேச வந்தவர் மண்டபத்தை நேரில் பார்க்க வேண்டாம் என்றார். "ஆபீஸ் ரூம் சுவத்துல சீட்டிங் பிளான் மாட்டியிருப்பாங்க சார், அதை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்புங்க. எத்தனை பத்திரிகைன்னு மட்டும் சொல்லுங்க, மீதியை நான் பாத்துக்கறேன்." மாமா பையன் போட்டோ எடுத்து அனுப்பினான். அன்று இரவே கணக்கு வந்துவிட்டது.

பிளானில் டைனிங் ஹாலுக்கு 10 வரிசை, வரிசைக்கு 6 மேசை. ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு பக்கமும் மும்மூன்று நாற்காலி வரைந்திருந்தது. ஆக 360 இருக்கை. "மதியம் ரெண்டு பந்தி, 720. நைட் ரிசப்ஷன் மூணு பந்தி, 1080. ரவுண்டா மதியம் எழுநூறு, நைட் ஆயிரம் மினிமம் வெச்சுக்கலாம்" என்றார். நாங்கள் அடித்த பத்திரிகை 420. பத்திரிகைக்கு இரண்டரைப் பேர் என்று அப்பா மனசுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கும் ஆயிரத்துச் சொச்சம். இரண்டும் ஒத்துப்போனதும் அப்பா அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். மதியத்துக்கு இலை 250 ரூபாய்.

முதலில் அந்த 360-ஐப் பாருங்கள். இலை போட்டுப் பரிமாறும் பந்தியில் மேசையின் ஒரு பக்கம்தான் ஆள் உட்காருவார்கள். எதிர்ப்பக்கம் பரிமாறுகிறவர் நடக்க வேண்டும். இது பந்தியில் ஒருமுறை உட்கார்ந்தவருக்கும் தெரியும், கேட்டரிங் நடத்துகிறவருக்குத் தெரியாதா? இரண்டு பக்கமும் நாற்காலி வரைந்த பிளான் மண்டபம் கட்டியபோது கொள்ளளவைப் பெரிதாகக் காட்டப் போட்டது. போதாததற்குக் கடைசி இரண்டு வரிசையை எடுத்துவிட்டுக் கைகழுவும் இடத்தைப் பெரிதாக்கி, பீடா, ஐஸ்கிரீம் ஸ்டாலுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். சுவரில் தொங்கும் பிளானை யார் மாற்றப்போகிறார்கள்? நிஜத்தில் 8 வரிசை, வரிசைக்கு 6 மேசை, மேசைக்கு 3 பேர். ஒரு பந்திக்கு 144. போட்டோவில் இருந்ததில் பாதிகூட இல்லை.

அடுத்தது பந்தியின் எண்ணிக்கை. இருக்கையைப் பந்தியால் பெருக்கினால் வருவது அந்த ஹாலில் அதிகபட்சம் எத்தனை பேர் சாப்பிட முடியும் என்பது. எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்பது வேறு கணக்கு, அது பிளானில் இருக்காது. எங்கள் பக்கம் முந்தின நாள் ரிசப்ஷனுக்குத்தான் கூட்டம். ஆபீஸ் ஆட்கள், தெருக்காரர்கள், மொய் எழுதிவிட்டுக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் ராத்திரியே வந்து போய்விடுவார்கள். காலையில் முகூர்த்தத்துக்கு வருகிறவர்களில் பலர் டிபனோடு வேலைக்குப் போவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு நிற்பது சொந்தக்காரர்களும் வெளியூர்க்காரர்களும்தான். ஒரே பத்திரிகை எண்ணிக்கையை வைத்துக்கொண்டு வேளைக்கு வேளை பிரிக்காமல் ஒருவர் மினிமம் பேசினால், அவர் உங்கள் பையைத்தான் பார்க்கிறார்.

ரிசப்ஷனில் ஆயிரம் சொன்னதற்கு 650 பேர் போல வந்தார்கள். சாப்பாடு தாராளமாக இருந்தது, ருசியும் குறையில்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் மதியம் முதல் பந்தி நிறைந்தது, இரண்டாவதும் நிறைந்தது. மூன்றாவது பந்தியில் நூற்றுப்பத்துப் பேர் உட்கார்ந்ததும் அன்னக்கூடை வருவது நின்றது. பருப்பும் நெய்யும் ஊற்றி ஒரு கரண்டி சாதம், அதற்கப்புறம் சாம்பாருக்குச் சாதம் இல்லை. வந்த சாம்பாரும் வெந்நீர் ஊற்றி நீட்டியது, காய் அடியில் கிடந்தது. மீந்திருந்த புளியோதரையை எடுத்து வந்து வைத்துச் சமாளிக்கப் பார்த்தார்கள். சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பந்தியில்தான் இருந்தார்கள். இலையைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவசரமாக வடித்த சாதம் குழைந்து வந்தது. சூப்பர்வைசர் சொன்னது: "எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் ஜாஸ்தி சார்." எழுநூறு பேருக்குப் பேசிய இடத்தில் நானூறு பேர் ஜாஸ்தியாம்!

எங்கள் சித்தப்பா ஒரு காலத்தில் மெஸ் நடத்தியவர். அவர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. நேரே சமையல்கட்டுக்குப் போய்க் காலி அரிசி மூட்டையைத் தேடினார். ஒரே ஒரு 26 கிலோ பை. (2022-இல் பாக்கெட் அரிசிக்கு 25 கிலோ வரை ஜிஎஸ்டி வந்ததிலிருந்து கடைகளில் பெரும்பாலும் 26 கிலோ மூட்டையாகக் கிடைக்கிறது.) இன்னொன்றை அப்போதுதான் பிரித்திருந்தார்கள், அதுதான் குழைந்த சாதம்.

அவர் சொன்ன கணக்கு இது. சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று முழுச் சாப்பாடு போடும்போது, கூடவே ஸ்வீட், வடை, கலந்த சாதம் எல்லாம் இருந்தால் ஓர் இலைக்கு 90 கிராம் அரிசி. அரிசி என்றால் வேகாத அரிசி. வெறும் குழம்பு, ரசம் என்றால் 100-க்கு மேலும் போகும், வயல்வேலை செய்கிற கிராமத்துச் சனம் அதிகம் என்றால் 125 வைப்பாராம். ராத்திரி சப்பாத்தி, இடியாப்பம் இருக்கிற மெனுவுக்கு 50 கிராம் போதும். 26 கிலோவை 90 கிராமால் வகுத்தால் 289 வருகிறது. 144 பேர் உட்காரும் ஹாலில் இரண்டு பந்திக்கு 288.

இந்த ஒற்றுமை தற்செயல் இல்லை. பில்லுக்கு போட்டோவிலிருந்த 360-ஐ எடுத்துக்கொண்டவர், அடுப்புக்கு நிஜமான 144-ஐ எடுத்துக்கொண்டிருக்கிறார். "ரெண்டு பந்தி" என்ற வார்த்தை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். எங்களிடம் அது 720, மாஸ்டரிடம் 288. எழுநூறு இலைக்கு 63 கிலோ அரிசி வெந்திருக்க வேண்டும். நானூறுக்கே 36 கிலோ வேண்டும். மூன்றாவது பந்தி வராது என்று துணிந்து ஒரு மூட்டையோடு நிறுத்தியிருக்கிறார்கள்.

குழம்பிலும் இதே கதைதான். நூறு பேருக்கு சாம்பார் 15 முதல் 18 லிட்டர், அதற்கு இரண்டு கிலோவுக்குக் குறையாமல் துவரம்பருப்பு. பொரியலுக்கு நூறு பேருக்கு நறுக்கிய காய் 5 கிலோ. நானூறு பேருக்கு 60 லிட்டருக்கு மேல் சாம்பார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஓர் அண்டா இருந்தது, அதுவும் நிரம்ப வைத்தது மாதிரி தெரியவில்லை. சாம்பாரை நீட்டலாம், சாதத்தை நீட்ட முடியாது. அதனால்தான் மாட்டிக்கொண்டார்கள்.

பில் வந்தபோது 700 இலை, 1,75,000 ரூபாய். நானூறுக்கு 1,00,000-தான் வரும். "மினிமம் பேசினது பேசினதுதான், இலை எல்லாம் செலவாயிடுச்சு" என்றார் மேனேஜர். சித்தப்பா வேனைத் திறக்கச் சொன்னார். உள்ளே பிரிக்காத இலைக்கட்டுகள். அதற்குப் பிறகுதான் குரல் இறங்கியது. கடைசியில் மதியத்துக்கு 450 இலை என்று முடித்தோம். இரவுக் கணக்கில் ஒரு பைசா குறைக்கவில்லை, அங்கே எங்களிடம் ஆதாரமும் இல்லை, ஆயிரத்துக்கும் கொடுத்தோம். இதை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குக் கொண்டுபோகலாம் என்று அலுவலக நண்பர் சொல்கிறார், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிவிட்டு முடிவு செய்யலாம் என்று இருக்கிறோம்.

பிளான் போட்டோவே கூடாது என்று சொல்லவில்லை. அதற்கு ஓர் உபயோகம் உண்டு. ஒரு பந்திக்கு எத்தனை பேர் என்று சரியாகத் தெரிந்தால், ஒரு தடவைக்கு எவ்வளவு வடிக்க வேண்டும் என்று தெரியும். 144 பேர் என்றால் 13 கிலோ, அதாவது அரை மூட்டை. இரண்டாவது பந்தி உட்காரும்போதே மூன்றாவதுக்கு உலை வைத்துவிட்டால் சாதம் சூடாகவும் வரும், மீதமும் குறையும். பந்திக்கு முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் ஆகும், உலை கொதித்து அரிசி வேக அது போதும். ஆனால் அந்த 144-ஐ நீங்களே டைனிங் ஹாலில் நின்று, ஒரு பக்க நாற்காலியை மட்டும் எண்ணி எடுத்திருக்க வேண்டும். போட்டோவில் கடைசி வரிசை சாய்ந்து மங்கலாக இருக்கும், தூண் மறைக்கும் மேசை தெரியாது, கைகழுவும் இடம் பக்கத்தில் யாரும் உட்காராத மேசையும் கணக்கில் சேர்ந்துவிடும்.

எத்தனை பேர் என்பதற்கு, பத்திரிகைப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ராத்திரி, டிபன், மதியம் என்று மூன்று கட்டம் போட்டு எண் எழுதுங்கள். வீட்டுப் பெண்கள் உட்கார்ந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும், யார் எந்த வேளைக்கு வருவார்கள் என்று அவர்களுக்கு அத்துப்படி. எங்கள் பட்டியலைக் கல்யாணத்துக்குப் பிறகு அம்மா இப்படிப் போட்டுப் பார்த்தார், மதியத்துக்கு 410 வந்தது.

இப்போது சித்தப்பா பெண்ணுக்கு வேறொருவரிடம் பேசியிருக்கிறோம். ஒப்பந்தத் தாளில் சித்தப்பா எழுதச் சொன்னவை: வேளைவாரியாக மினிமம், அது எங்கள் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு குறைத்து. மதியத்துக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை லிட்டர் சாம்பார் என்ற அளவு. மூட்டை பிரிக்கும்போது எங்கள் ஆள் ஒருவர் சமையல்கட்டில் இருப்பார். இலைக்கட்டை எண்ணி வாங்கி, மீதியை எண்ணிக் கழிப்போம். அந்தக் கேட்டரிங்காரர் தாளைப் படித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் கேட்டார். சாம்பாரை நூறு பேருக்கு 18 லிட்டர் என்று போட்டிருந்ததை, "மெனுவுல மோர்க்குழம்பும் இருக்குண்ணே, 15 போதும், மிஞ்சிப்போகும்" என்று. சித்தப்பா ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.